உடைந்த முட்டைக் கணக்கு

பக்கீரின் பில்லுக்குத் துண்டு இல்லை.

குணரத்தினம் மூன்றாம் தடவையாகக் கம்பியில் குத்தியிருந்த துண்டுகளைப் புரட்டினான். திங்கட்கிழமைத் துண்டு இருந்தது. வியாழக்கிழமைத் துண்டு இருந்தது. பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமைக்குச் சாம்பல்தீவு மீனுக்கு மட்டும் ஒரு துண்டு, அதிலும் மீன் செதில் ஒட்டியிருந்தது. மூதூர் வியாபாரி பக்கீரின் பில்லோ சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது: பதின்மூன்று, வெள்ளி. பூசணிக்காய் ஒன்பது சாக்கு, கத்தரிக்காய் ஆறு சாக்கு, முட்டை ஐந்நூற்று எண்பத்து மூன்று. மொத்தம் இருநூற்றிரண்டு ரூபா முப்பது சதம்.

காசிநாதர் கொம்பனி திருகோணமலைத் துறைமுகத்து நேவிக்காரருக்கு மரக்கறி, மீன், விறகு கொடுக்கும் கொம்பனி. குணரத்தினம் அங்கே உதவிக் கணக்கராகச் சேர்ந்து மூன்று நாள்தான். இந்த வேலையும் போனால் வடமராட்சியில் தகப்பனின் வெங்காயத் தோட்டம் காத்திருந்தது. தகப்பனுக்கு அவன் கணக்கில் நம்பிக்கை இல்லை, முதுகில்தான் நம்பிக்கை.

கொம்பனியின் வழக்கம் நேரானது. இறங்குதுறையில் சரக்கு இறங்கியதும் கொம்பனியின் ஆள் கந்தப்போடி எண்ணித் துண்டு எழுதுவார். அந்தத் துண்டைப் பார்த்து, கொள்முதலில் பற்று, 'பில் வராத சரக்கு' என்ற கணக்கில் வரவு என்று பதிய வேண்டும். சரக்கு வந்துவிட்டது, காசு கொடுக்க வேண்டியிருக்கிறது, ஆனால் பில் இன்னும் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். பில் வந்ததும் அதே திகதித் துண்டோடு சேர்த்துக் குத்தி, அந்தக் கடனை 'பில் வராத சரக்கு' கணக்கிலிருந்து எடுத்து வியாபாரியின் பேருக்கு மாற்ற வேண்டும். துண்டும் பில்லும் கலியாணம் முடித்தால்தான் வியாபாரிக்குக் காசு.

பக்கீரின் பில் இப்போது மாப்பிள்ளை இல்லாமல் மணவறையில் உட்கார்ந்திருந்தது.

குணரத்தினம் இறங்குதுறைக்குப் போனான். கந்தப்போடி வெற்றுச் சாக்குகளின் மேல் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை மூதூர் வள்ளம் வந்ததோ?"

"வெள்ளிக்கிழமையோ? இல்லை. திங்களும் வியாழனும்தான் வாறது. பொழுதுபட்ட கையோட வரும்."

"வியாழன் வந்தது ஆரின்ர சரக்கு?"

"எனக்குச் சாக்குத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. குண்டுக்குப் பயந்து இருட்டடிப்பெண்டு ஒரு பீடி பத்தவும் விடுறாங்களில்லை. வள்ளத்தில இருந்து ஒரு குரல் எண்ணும், நானும் எண்ணுவன். துண்டில 'மூதூர் வள்ளம்' எண்டு எழுதுவன். அவ்வளவுதான்."

"அப்ப அது பக்கீர் நானாட சரக்கா இருக்குமோ?"

"கணக்குப் புத்தகம் உம்மட்டைத்தானே கிடக்குது. என்னைக் கேக்கிறீர்?"

அதுவும் நியாயம்தான். குணரத்தினம் திரும்பிப்போய்ப் பேரேட்டைப் பார்த்தான். 'பில் வராத சரக்கு' பக்கத்தில், அவனுக்கு முன்னிருந்த கிளாக்கரின் முத்துமுத்தான எழுத்தில், மூதூர் வள்ளம், மூதூர் வள்ளம் என்று வரிசை போய்க்கொண்டிருந்தது. திங்களும் வியாழனும் வந்த சரக்குக்கு இன்றுவரை ஒருவரும் பில் அனுப்பவில்லை. பக்கீரின் பில்களெல்லாம் வேறு பக்கத்தில், வேறு திகதிகளில், காசும் கொடுத்து முடிந்திருந்தன. ஆக, வியாழன் வள்ளம் வேறு யாருடையதோ. புத்தகமே சொல்லிவிட்டது.

அவன் முதலாளியிடம் போனான்.

காசிநாதருக்கு உடம்பு பெரிது, வேட்டி பழையது. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசத்துக்குப் பிறகு அவர் ஒரு புது வேட்டி வாங்கவில்லை. காரை விற்றுவிட்டுச் சைக்கிளில் திரிந்தார், சைக்கிள்தான் பாவம்.

"வராத சரக்குக்கு பில் வந்திருக்குது, ஐயா."

"வந்த சரக்குக்கு பில் வருகுதில்லை, வராத சரக்குக்கு வருகுதோ?" காசிநாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "காசு குடாதையும். பக்கீருக்கு ஒரு கடிதம் எழுதும். மரியாதையா எழுதும்."

குணரத்தினம் மரியாதையாகத்தான் எழுதினான். 'தாங்கள் தராத பொருளுக்குத் தாங்கள் பணம் கேட்டிருப்பதன் காரணத்தை அறியத் தரவும்.' எழுதி முடித்துத் தானே இரண்டு தடவை வாசித்து மகிழ்ந்தான்.

திங்கட்கிழமை மூதூர் வள்ளம் வரவில்லை. பக்கீரிடமிருந்தும் பதில் இல்லை.

செவ்வாய் காலை நேவியின் சாப்பாட்டுப் பொறுப்பாளர் ஆள் அனுப்பினார். ஒப்பந்தப்படி மரக்கறி வராத ஒவ்வொரு நாளுக்கும் தண்டம். மூன்று தடவை தவறினால் ஒப்பந்தமே போய்விடும்.

"தம்பலகாமத்தில வாங்குவம், ஐயா," என்றான் குணரத்தினம். "இரண்டு மாட்டு வண்டில் பிடிச்சால் பின்னேரத்துக்குள்ள வந்திடும்."

வண்டில்கள் வந்தன. பூசணிக்காய்தான் வரவில்லை. கண்டி றோட்டில் ஒரு கொம்பன் யானை வழிமறித்து முதல் வண்டிலைச் சாவகாசமாக வெறுமையாக்கிவிட்டு, இரண்டாவதிலும் ருசி பார்த்திருந்தது. வண்டில்காரர் இருவரும் வாடகையும், பயந்ததற்குத் தனிக்காசும் கேட்டார்கள்.

"யானை சாப்பிட்டதுக்குத் துண்டு போடுறதோ, ஐயா?" என்று குணரத்தினம் கேட்டான்.

காசிநாதர் அவனை உற்றுப் பார்த்தார். "போடும். பில் வராத சரக்கில போடும்."

அன்று டவுன் சந்தையில் இரட்டை விலைக்கு வாங்கிய வெண்டிக்காய் நேவிக்குப் போனது. போன வேகத்தில் ஒரு பகுதி திரும்பியும் வந்தது. வழுவழுப்பாக இருக்கிறதாம், வெள்ளைக்காரச் சமையல்காரர் அது கெட்டுப்போனதென்று நினைத்துவிட்டாராம்.

மூதூர்க்காரரைக் கடிதத்தால் பகைத்தாயிற்று. இனித் தப்புவதற்கு ஒரே வழி, பக்கீர் கள்ளனென்று நிரூபிப்பதுதான். ஒரு பில்லில் ஏமாற்றியவன் முந்தியும் ஏமாற்றியிருப்பான். குணரத்தினம் அலுமாரியைத் திறந்து பழைய பில்களை இறக்கினான். புதன் முழுவதும் தும்மிக்கொண்டே பார்த்தான்.

பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஒன்றல்ல. இரண்டு வருசமாக மூதூரிலிருந்து வந்த ஒரு பில்லுக்கும் துண்டு இல்லை. எல்லாம் செவ்வாய், வெள்ளித் திகதிகள். ஒரு செவ்வாயிலும் ஒரு வெள்ளியிலும் வள்ளம் வந்ததற்கு அடையாளம் இல்லை. முன்னிருந்த கிளாக்கர், துண்டு இல்லாத ஒவ்வொரு பில்லையும் புதுச் சரக்கென்று கொள்முதலில் பற்று வைத்து, பக்கீரின் பேரில் வரவு வைத்து, காசும் கொடுத்திருந்தார். மொத்தம் நாற்பதாயிரத்துக்குக் கிட்ட.

"எவ்வளவு?" என்றார் காசிநாதர்.

"நாற்பதாயிரம், ஐயா."

காசிநாதர் கதிரையில் இருந்தார். கதிரை முனகியது. "அன்னப்பிள்ளை! தண்ணி கொண்டு வாரும்!"

அவருடைய மனைவி அன்னப்பிள்ளை குசினியிலிருந்து செம்போடு வந்தார். வீடும் கொம்பனிக் கந்தோரும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு திரைச்சீலைதான். மனிசன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "கணக்குப் பாக்கிறதெண்டா அமைதியாப் பாருங்கோ, நெஞ்சுக்குக் கூடாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பக்கீருக்கு நாற்பதாயிரம் தண்டமாக் குடுத்திருக்கிறன்," என்றார் காசிநாதர். "அங்கால பில் வராத சரக்குக்கு இன்னொரு நாற்பதாயிரம் குடுக்கக் கிடக்குது. இரும்புப் பெட்டியில முப்பத்தோராயிரம் கிடக்குது. அது என்ர காசில்லை, தம்பி. கடன் தந்தவையின்ர காசு. அதில தொட்டு ஒரு வேட்டி வாங்கினால் அது களவு."

"அந்தக் கடன்காரர் ஆரெண்டு மூதூரில விசாரிக்கேல்லையோ, ஐயா?"

"விசரோ உமக்கு! நித்திரை கொள்ளுற கடன்காரனை ஆரும் தட்டி எழுப்புவினமோ? சண்டை முடியட்டுமெண்டு பொறுத்திருக்கிறாங்கள், பாவங்கள்." கண்ணைத் துடைத்தார். "சொந்தக்காரர் கைமாத்துக் கேட்டு வந்தால் நான் அந்தப் பக்கத்தைத்தான் விரிச்சுக் காட்டுறனான். பாத்திட்டு அவையளே எனக்குப் பஸ்சுக்குக் காசு தந்திட்டுப் போவினம்."

பொலிசுக்கு அறிவிப்பதென்று முடிவானது. அறிவிப்பதற்கு முன் பக்கீரையே ஒருமுறை நேரில் கேட்டுவிடலாமென்று ஆள் அனுப்பினார்கள். "கேட்டு, பில் பொய்யெண்டால் பக்கீர் உள்ள," என்றார் காசிநாதர். "மெய்யெண்டால் நீர் வெளிய. விளங்குதோ?"

குணரத்தினத்துக்கு விளங்கியது. வெங்காயம் மணத்தது.

வியாழன் பின்னேரம் பக்கீர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. கூடவே அவருடைய கணக்கர் மஹ்ரூப், கக்கத்தில் பில் புத்தகத்தோடு. கந்தப்போடியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பக்கீர் கதிரையில் இருக்கவில்லை, நின்றார். "முதலாளி, என்ட வாப்பா காலத்திலயிருந்து நாங்க யாவாரம் செய்றம். தராத சாமானுக்குக் காசு கேட்டனெண்டு எனக்குக் கடிதம் எழுதின அந்தப் பெரிய மனிசன் யாரு?"

குணரத்தினம் மேசைக்குப் பின்னால் கொஞ்சம் சிறுத்தான்.

"நான் எழுதச் சொன்னனான்," என்றார் காசிநாதர். "பதின்மூண்டாம் திகதி நீங்க சரக்குத் தந்தீங்களோ?"

"தந்தன்."

"கந்தப்போடி, பதின்மூண்டாம் திகதி சரக்கு வந்ததோ?"

"வரேல்லை. கோணேசர் மேல ஆணை, வரேல்லை."

"அல்லாஹ் மேல சத்தியம், வந்தது!" என்றார் மஹ்ரூப். "நான்தான் கொணந்து எறக்கின!"

கந்தப்போடி திடுக்கிட்டுத் திரும்பினார். "இந்தக் குரல் எனக்குத் தெரியும்! நீர்தானே வள்ளத்தில நிண்டு சாக்கெண்ணுற ஆள்?"

"ஓம், நான்தான். நீங்கதானே தொண்டை அடைச்ச மாதிரி எண்ணுற ஆள்?"

"அது வெத்திலை."

இரண்டு வருசமாக இருட்டில் பேசிய இருவரும் முதல்முறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மஹ்ரூப் கொஞ்சம் வெட்கப்பட்டார். கந்தப்போடி வெற்றிலைப் பையை நீட்டினார்.

"கொஞ்சிக் குலாவுறது பிறகு," என்றார் காசிநாதர். "வந்ததெண்டுறார் ஒராள், வரேல்லையெண்டுறார் ஒராள். இரண்டு பேரும் ஆணையிடுறியள். நான் எந்தச் சாமியை நம்ப?"

இதற்குள் பொழுது பட்டுவிட்டது. பள்ளியிலிருந்து பாங்கொலி கேட்டது. பக்கீர் சண்டையைப் பாதியில் விட்டு, "தொழுதிட்டு வந்து மிச்சத்தைப் பேசுவம்," என்று மஹ்ரூப்பையும் கூட்டிக்கொண்டு பின்பக்கக் கிணற்றடிக்குப் போனார். அன்னப்பிள்ளை அவர்களுக்குப் புதுப் பாய் ஒன்று கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்த பக்கீர் சாந்தமாக இருந்தார். "சரி. இவ்வளவு நாளும் நான் வாங்கின காசுக்கு ஒரு கணக்கு எழுதித் தாறன். யாரிட்ட வேணுமெண்டாலும் காட்டுங்க. மஹ்ரூப், எழுது."

மஹ்ரூப் புத்தகத்தை விரித்து, மேலே திகதி போட்டார்.

குணரத்தினம் எட்டிப் பார்த்தான். இருபது, வெள்ளிக்கிழமை.

"நானா, இண்டைக்கு வியாழன். பத்தொன்பது."

"அது அப்ப," என்றார் மஹ்ரூப். "இப்ப பொழுது பட்டிட்டுதே. வெள்ளி பொறந்திட்டு."

"பொழுது பட்டால் வெள்ளியோ?"

"பின்னே? மஃரிப் தொழுகையோட நாள் மாறும். முதல் ராவு, பிறகு பகல். உங்களுக்கு எப்ப மாறும்?"

"விடியத்தான்," என்றார் கந்தப்போடி. "கோழி கூவினால் வெள்ளி. அதுவரைக்கும் வியாழன்தான்."

"கோழியா உங்களுக்குத் திகதி போடுது?"

குணரத்தினத்துக்கு இந்தச் சண்டை காதில் விழவில்லை. அவனுடைய தலைக்குள் இருநூறு துண்டுகளும் இருநூறு பில்களும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றன. வள்ளம் பொழுதுபட்டபின் வருகிறது. கந்தப்போடி வியாழனென்று துண்டு எழுதுகிறார். மஹ்ரூப் சாமானை இறக்கி, தொழுதுவிட்டு, தங்குமிடத்தில் உட்கார்ந்து வெள்ளியென்று பில் எழுதுகிறார். திங்களில் வந்தால் செவ்வாய்.

ஆனால் எப்படி நிச்சயமாகச் சொல்வது? நேவிக்காரரின் தேவை மாறுவதில்லை. எல்லாத் துண்டிலும் ஒன்பது சாக்குப் பூசணி, ஆறு சாக்குக் கத்தரி. எந்தத் துண்டை எந்த பில்லோடு வைத்தாலும் பொருந்தும். அதனாலேதான் திகதியை நம்பினார்கள்.

அவன் கம்பியிலிருந்து பன்னிரண்டாம் திகதி வியாழன் துண்டை உருவினான். கடைசி வரியில் கந்தப்போடியின் கோணல் எழுத்து: முட்டை அறுநூறு, உடைஞ்சது பதினேழு.

பக்கீரின் வெள்ளி பில்: முட்டை ஐந்நூற்று எண்பத்து மூன்று.

"நானா! உடைஞ்ச முட்டையைக் கழிச்சுத்தானோ பில் எழுதுறது?"

"பின்னே உடைஞ்சதுக்கும் காசு கேக்கிறதா?" என்றார் பக்கீர். "இவரு இருட்டில தடவித் தடவிச் சொல்லுவாரு, மஹ்ரூப் குறிச்செடுப்பான்."

குணரத்தினம் கட்டுகளை மேசையில் கவிழ்த்தான். ஒன்பதாம் திகதி திங்கள் துண்டு: உடைஞ்சது நாலு. பத்தாம் திகதி செவ்வாய் பில்: ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கு முந்திய வியாழன்: முப்பத்தொன்று உடைந்தது, கடல் கொந்தளிப்பு. வெள்ளி பில்: ஐந்நூற்று அறுபத்தொன்பது. சாக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் முட்டைகள் ஒரு தடவை உடைந்தமாதிரி மறுதடவை உடைந்திருக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் தன் மறுநாள் பில்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஐயா, பக்கீர் நானா ஒரு சதம் கூட எடுக்கேல்லை. தந்த சரக்குக்குத்தான் வாங்கியிருக்கிறார்."

பக்கீர் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப நீர் வெளிய," என்றார் காசிநாதர்.

"பொறுங்கோ ஐயா, இனித்தான் பெரிய பிழை." குணரத்தினம் பேரேட்டைத் தூக்கி வந்தான். "பழைய வியாழன் துண்டொண்டை எடுங்கோ. இதைப் பாத்து, கொள்முதலில ஒருக்காப் பற்று எழுதியாச்சு, பில் வராத சரக்கில வரவு எழுதியாச்சு. வெள்ளி பில் வருகுது. திகதி பொருந்தாதபடியால் புதுச் சரக்கெண்டு நினைச்சு, கொள்முதலில இரண்டாந்தரமும் பற்று, பக்கீர் நானாட பேரில வரவு. ஒரே பூசணிக்காய், ஐயா. இரண்டு தரம் வாங்கினதா எழுதியிருக்குது."

"விளங்கேல்லை."

"பக்கீர் நானாட பேரில எழுதினதுக்குக் காசு குடுத்து முடிஞ்சுது. அது சரி. பில் வராத சரக்கில எழுதினது கிடக்குது. அதுக்கு பில் வராது. ஏனெண்டால் அது எப்பவோ வந்திட்டுது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் இப்பிடியே ஒரு இல்லாத கடன் ஏறி ஏறி வந்திருக்குது."

காசிநாதரின் வாய் மெதுவாகத் திறந்தது. "அப்ப அந்த நாற்பதாயிரம்... நான் ஆருக்குக் குடுக்க வேணும்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"மூதூரில பொறுத்திருக்கிற ஆக்கள்?"

"அப்பிடி ஆக்களே இல்லை, ஐயா."

"இரும்புப் பெட்டியில கிடக்கிறது?"

"உங்கட காசு. பில் வராத சரக்கில நாற்பதாயிரமும் பற்று வைச்சு மூடவேணும். இந்த வருசத்துப் பங்கைக் கொள்முதலில வரவு வைச்சுக் குறைக்கலாம். கணக்கு முடிச்ச பழைய வருசங்களின்ர பங்கு நேரே உங்கட முதலுக்குப் போகும். நட்டமெண்டு எழுதினது நட்டமில்லை, ஐயா. இலாபம்."

காசிநாதர் எழும்பி வந்து குணரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். அவனுக்கு மூச்சு முட்டியது, சுகமான முட்டல். பிறகு பக்கீரைக் கட்டிப்பிடித்து, மன்னிப்புக் கேட்டு, அழுதார். பக்கீரும் அழுதார். கந்தப்போடியும் மஹ்ரூப்பும் வெற்றிலை மென்றுகொண்டு அதைப் பார்த்தார்கள்.

"இனி எந்த நாளைப் போடுறது?" என்று மஹ்ரூப் கேட்டார்.

"திகதி என்னவும் போடுங்கோ, நானா," என்றான் குணரத்தினம். "துண்டுக்கு ஒரு நம்பர் போடுவம். அந்த நம்பரை பில்லில எழுதினால் காணும். நம்பருக்குப் பொழுது படாது."

வேலை நிரந்தரமாயிற்று. சம்பளத்தில் ஐந்து ரூபா கூட்டப்பட்டது. வெள்ளி காலையே மூதூர் வள்ளம் நிறையப் பூசணிக்காய் வந்தது. பக்கீர் ஒரு சாக்கு இனாமாகப் போட்டிருந்தார். நேவி தண்டத்தோடு விட்டுவிட்டது. குணரத்தினம் சிவப்பு மையில் அந்தத் திருத்தப் பதிவை எழுதி, கோடு கீறி, தகப்பனுக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. முன்கூடம் நிறையச் சொந்தக்காரர். புது வேட்டியோடு நடுவில் இருந்த காசிநாதரின் குரல் திரைச்சீலையைத் தாண்டிக் கேட்டது. ஒருவருக்கு லொறி வாங்கக் காசு. ஒருவருக்கு மகளின் கலியாணச் செலவு. இன்னொருவரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்து. "உமக்கில்லாததோ! கொண்டு போம்! எனக்கு ஒரு கடனும் இல்லை!" இரும்புப் பெட்டியின் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

அன்னப்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து குணரத்தினத்தின் மேசையில் வைத்தார். போகாமல் நின்று பேரேட்டின் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"பிழையைக் கண்டுபிடிச்சது நீர்தானோ, தம்பி?"

"ஓம் அம்மா," என்றான் அவன், பாராட்டைக் கேட்பதற்கு வசதியாக நிமிர்ந்து.

கூடத்தில் இரும்புப் பெட்டி மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. அன்னப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

"அதைத் திருத்தாமல் விடுறதுக்கெண்டுதான் முந்தின கிளாக்கருக்கு நான் மாசம் பத்து ரூபா குடுத்து வந்தனான்."